முதலில் ஸ்டாப், அப்புறம் லாட், கடைசியில்தான் லிவரேஜ்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் பொருள் ஏற்றுமதி கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே செபியின் பயிற்சி நிறுவனமான என்.ஐ.எஸ்.எம். நடத்தும் கரன்சி டெரிவேட்டிவ்ஸ் தேர்வுக்கு, அதாவது கரன்சி விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்தங்கள் பற்றிய தேர்வுக்குப் படித்தேன். காட்பாடியில் இருந்து காலை ரயில் பிடித்துச் சென்னைக்குப் போய் எழுதினேன். பாஸ் ஆக 60 மார்க் வேண்டும், தவறான விடைக்குக் கால் பங்கு மார்க் கழியும், அதனால் கணக்குக் கேள்விகளில் தோராயமாகக் குறிப்பது கட்டுப்படியாகாது. அந்தப் படிப்பில் எனக்கு நிஜமாகப் பயன்பட்டது ஒரே ஒரு விஷயம்: ஆர்டர் போடுவதற்கு முன் கணக்கை எந்த வரிசையில் போட வேண்டும் என்பது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். விலை நகர்வை அளக்கும் பிப், வாங்கும் அளவான லாட், கையில் உள்ள பணத்தைப் போல எத்தனை மடங்குக்கு வாங்கலாம் என்ற லிவரேஜ், இந்த மூன்றையும் தனித்தனியாக எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள், வரிசையில்தான் பணம் போகிறது.

என் மாமா பையன் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான். அங்கே உரிமம் பெற்ற ஒரு புரோக்கரிடம் 200 டாலர் போட்டுக் கணக்குத் தொடங்கினான். ஒரு திங்கட்கிழமை போன் செய்து, "மச்சான், நூறு மடங்கு லிவரேஜ் இருக்குது, 110 டாலர்தான் மார்ஜின் கேட்டுச்சு, யூரோ வாங்கிட்டேன்" என்றான். மார்ஜின் என்பது புரோக்கர் பிணையாக முடக்கி வைக்கும் பணம். எத்தனை லாட் என்று கேட்டேன். 0.10 என்றான். ஸ்டாப், அதாவது நஷ்டத்தை நிறுத்தித் தானாக வெளியேறும் விலை, எங்கே என்றால், இன்னும் வைக்கவில்லையாம்.

அவன் போட்டதைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு முழு லாட் என்பது 1,00,000 யூனிட். அப்படியானால் 0.10 லாட் 10,000 யூரோ. ஒரு யூரோவின் விலை 1.1000 டாலர் என்பதால் அவன் கையில் எடுத்தது 11,000 டாலர் மதிப்புள்ள சரக்கு. அதை 100-ஆல் வகுத்தால் 110, அதுதான் மார்ஜின். யூரோவை டாலரில் விலை சொல்லும் EURUSD ஜோடியில் ஒரு பிப் என்பது நான்காவது தசம இடம், அதாவது 0.0001. அதை 10,000-ஆல் பெருக்கினால் ஒரு டாலர். ஆக விலை ஒரு பிப் நகர்ந்தால் அவன் கணக்கில் ஒரு டாலர் ஏறும் அல்லது இறங்கும். 200 டாலர் வைத்திருப்பவனுக்கு ஒரு பிப்புக்கு ஒரு டாலர். EURUSD ஒரே நாளில் 60, 70 பிப் ஆடுவது சர்வ சாதாரணம்.

அவன் புரோக்கரின் விதிப்படி, கணக்கில் மிச்சமிருக்கும் பணம் மார்ஜினில் பாதிக்கு வந்தால் பொசிஷனை, அதாவது அவன் வாங்கி வைத்திருப்பதை, அவர்களே விற்று மூடிவிடுவார்கள். 110-இல் பாதி 55. 200-இல் இருந்து 55-க்கு வர 145 டாலர் நஷ்டம் ஆக வேண்டும், அதாவது 145 பிப். விலை சுமார் 1.0855. வியாழக்கிழமை சாயங்காலம் விலை அங்கே வந்தது, மூடிவிட்டார்கள், 55 டாலர் மிஞ்சியது. அதற்கு அவன் சொன்ன காரணம்தான் எனக்குக் கவலையாக இருந்தது: "லிவரேஜ் பத்தல மச்சான், ஐந்நூறு மடங்கு எடுத்திருந்தா தாங்கியிருக்கும்."

இங்கேதான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 500 மடங்கு இருந்திருந்தால் மார்ஜின் 22 டாலர், அதில் பாதி 11. அப்போது 189 பிப் வரை பொசிஷன் உயிரோடு இருந்திருக்கும், உண்மைதான். ஆனால் ஒரு பிப்பின் மதிப்பு அப்போதும் அதே ஒரு டாலர்தான். விலை அதற்கும் கீழே போனால் 55-க்குப் பதிலாக 11 டாலர் கையில் நிற்கும். லிவரேஜ் மாறினால் மாறுவது எவ்வளவு பணம் மார்ஜினாக முடங்குகிறது, புரோக்கர் எப்போது மூடுவார் என்ற இரண்டுமே தவிர, ஒரு பிப்புக்கு எவ்வளவு போகும் என்பது இல்லை. அதை முடிவு செய்வது லாட் மட்டும்தான். மார்ஜின் கட்ட முடிகிறதா என்று பார்த்து லாட் எடுப்பது, வண்டி எவ்வளவு தாங்கும் என்று பார்க்காமல் டீசலுக்குக் காசு இருக்கிறது என்பதற்காகச் சரக்கு ஏற்றுவது போல.

அடுத்த மாதம் அவன் மறுபடி பணம் சேர்த்து 200 ஆக்கினான். இந்த முறை ஆர்டர் போடும் முன் போன் வந்தது. நான் சத்துவாச்சாரி வீட்டுத் திண்ணையில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து, அவன் சொல்லச் சொல்ல எழுதினேன்.

முதல் கேள்வி, இந்த ஒரு டிரேடில் எவ்வளவு போனால் பரவாயில்லை? கணக்கில் 2 சதவீதம், அதாவது 4 டாலர் என்று வைத்தோம். இரண்டாவது, சார்ட்டில் எந்த இடம் உடைந்தால் உன் எண்ணம் தவறு என்று ஒத்துக்கொள்வாய்? சார்ட்டில் விலை 1.0920, அவன் காட்டிய இடம் 1.0882. 38 பிப் என்றான். அங்கே ஒரு சின்ன விஷயம் விட்டுப்போகிறது. பெரும்பாலான ஸ்கிரீன்களில் சார்ட் வரைவது நாம் விற்றால் கிடைக்கும் பிட் விலையை, நாம் வாங்குவதோ அதைவிடச் சற்று அதிகமான ஆஸ்க் விலையில். அன்று இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான ஸ்பிரெட் 2 பிப், எனவே அவன் உண்மையில் வாங்குவது 1.0922-இல், ஸ்டாப் அடிபடுவது 1.0882-இல். தூரம் 40 பிப். பெரிய கணக்கில் அந்த 2 பிப் கண்ணுக்குத் தெரியாது, சின்னக் கணக்கில் தெரியும்.

இப்போது 4 டாலரை 40 பிப்பால் வகுத்தால் ஒரு பிப்புக்கு 10 சென்ட். அதிலிருந்து யூனிட் கிடைக்கும்:

```
4 / 40 = 0.10
0.10 / 0.0001 = 1000
1000 / 100000 = 0.01
```

லாட் 0.01. சரக்கின் மதிப்பு 1,092 டாலர், அதை 200-ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஐந்தரை மடங்கு. இதுதான் அவன் உண்மையில் பயன்படுத்தும் லிவரேஜ். புரோக்கர் 100 கொடுத்தாலும் 500 கொடுத்தாலும் இந்த ஐந்தரை மாறாது. முதல் தடவை இதே எண் 55 ஆக இருந்தது. 100 மடங்கில் இப்போது மார்ஜின் வெறும் 11 டாலர், கணக்கில் மீதி சும்மா கிடக்கிறதே என்று அவனுக்கு மனசு வரவில்லை. சும்மா கிடக்கட்டும் என்றேன்.

ஆர்டர் போட்டான், இரண்டே நிமிடத்தில் ஸ்டாப் அடித்துவிட்டது என்றான். விலை பார்த்தால் பெரிதாக அசையவே இல்லை. ஸ்கிரீன்ஷாட் கேட்டு வாங்கிப் பார்த்தேன். விலை 1.09220 என்று ஐந்து தசமத்தில் இருந்தது. அந்தக் கடைசி இலக்கம் பிப்பில் பத்தில் ஒரு பங்கு, அதுதான் பாயின்ட். ஸ்டாப் பெட்டி கேட்டது பாயின்ட் கணக்கில், இவன் 40 என்று அடித்திருக்கிறான், அது 4 பிப்தான் ஆயிற்று. 400 அடித்திருக்க வேண்டும். ஸ்டாப்பைத் தூரமாகக் கொடுக்காமல் விலையாகவே, 1.08820 என்று அடித்துவிட்டால் இந்தக் குழப்பம் வராது. நான் அப்படித்தான் செய்யச் சொல்கிறேன். ஆர்டர் அனுப்பும் முன் ஸ்டாப் அடித்தால் எத்தனை டாலர் போகும் என்று காட்டும் ஸ்கிரீனாக இருந்தால், காகிதத்தில் உள்ள 4-உம் அதுவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

யென் ஜோடி வந்தால் பிப் இரண்டாவது தசமம், 0.01. இங்கே இன்னொரு படி கூடும். USDJPY-இல் 1000 யூனிட்டுக்கு ஒரு பிப் என்பது 10 யென், கணக்கோ டாலரில் இருக்கிறது. விலை 150 என்றால் 10-ஐ 150-ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 6.7 சென்ட். பிப் மதிப்பு எப்போதும் ஜோடியில் இரண்டாவதாக எழுதப்படும் கரன்சியில்தான் பிறக்கும், இதை ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால் எந்த ஜோடிக்கும் அட்டவணை தேட வேண்டாம். 45 பிப் ஸ்டாப்புக்கு 0.01 லாட்டில் USDJPY 3 டாலர்தான் கேட்கும், EURUSD 4.50 கேட்கும். 4 டாலர் எல்லையில் ஒன்று உள்ளே வருகிறது, இன்னொன்று வராது.

தேர்வில் நான் ஒரு மாதிரித்தாளில் தப்பு விட்டதும் யென்னில்தான். யென்னை ரூபாயில் விலை சொல்லும் JPYINR ஒப்பந்தம் 1,00,000 யென், விலை நகரும் குறைந்தபட்ச அளவான டிக் 0.0025. ஒரு டிக்குக்கு எத்தனை ரூபாய் என்பது கேள்வி. நேரே பெருக்கினால் 250 ரூபாய் வரும், விடைகளில் அதுவும் ஒன்றாக இருந்தது, நானும் அதையே குறித்தேன். ஆனால் அந்த விலை 100 யென்னுக்கான விலை. எனவே பெருக்க வேண்டியது 1000-ஆல், விடை இரண்டரை ரூபாய். USDINR-இல் ஒப்பந்தம் 1000 டாலர், டிக் அதே 0.0025, அதே இரண்டரை ரூபாய். பைசாக் கணக்கில் நினைத்தால் சுலபம்: ஒரு பைசா நகர்ந்தால் லாட்டுக்கு 10 ரூபாய்.

இந்த இடத்தில் ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேலூரிலும் ஆம்பூரிலும் பல பையன்கள் போனில் வெளிநாட்டு ஆப் வைத்துக்கொண்டு என்னிடம் லாட் கணக்குக் கேட்கிறார்கள். ஷார்ஜாவில் குடியிருக்கும் என் மச்சான் செய்வதை இங்கே குடியிருந்துகொண்டு செய்யக்கூடாது. அப்படி மார்ஜின் கட்ட வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதிகளில் அனுமதி இல்லை, அங்கீகாரம் இல்லாத தளங்களின் பட்டியலை ரிசர்வ் வங்கியே 2022 முதல் வெளியிடுகிறது. இங்கே உள்ள எக்ஸ்சேஞ்சிலும் 2024 மே 3 முதல், ரூபாய் சம்பந்தப்பட்ட கரன்சி ஒப்பந்தம் எடுப்பவருக்கு அதற்கு ஈடான அந்நியச் செலாவணி வரவோ செலவோ உண்மையில் இருக்க வேண்டும். எங்கள் கம்பெனிக்கு ஏற்றுமதி டாலர் வருகிறது, அதனால் செய்கிறோம். டாலர் வரவு செலவு எதுவும் இல்லாதவர் தேர்வுக்கும் டெமோ கணக்கிலும் இதைப் பழகலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போன வாரம் மறுபடி போன். பவுண்டை டாலரில் விலை சொல்லும் GBPUSD, ஸ்டாப் 70 பிப் தள்ளி. 4-ஐ 70-ஆல் வகுத்தால் ஒரு பிப்புக்கு 5.7 சென்ட், அதாவது 571 யூனிட். அவன் புரோக்கரிடம் 1000-க்குக் கீழே கிடையாது. 0.01 போட்டால் 7 டாலர் ஆபத்து, கணக்கில் மூன்றரை சதவீதம். "அப்ப ஸ்டாப்பைக் கிட்ட இழுத்து 40-ல வச்சுக்கட்டுமா மச்சான்?" என்றான். 70 பிப் தள்ளி வைக்க சார்ட்டில் ஒரு காரணம் இருந்தது, 40-இல் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் 40-இல் ஒன்றும் இல்லை என்றான், ஆர்டர் போடாமல் வேலைக்குக் கிளம்பிவிட்டான்.