பட்ஜெட் கேஸ் கேள்வி: நான் கணக்குப் போடும் விதம்

எம்.பி.ஏ. மார்க்கெட்டிங் தாளில் விளம்பர பட்ஜெட் கேஸ் வந்தால், பலரும் எடுத்த எடுப்பிலேயே 'விற்பனையில் 5 சதவீதம்' என்று எழுதிவிட்டு அதை நாலைந்து சேனலுக்குச் சமமாகப் பங்கு போட்டுவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்களுக்கு வந்த கேஸை வைத்தே சொல்கிறேன்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு சுங்குடிச் சேலைக் கடை. மாத விற்பனை 5 லட்சம். சரக்குக்கான விலை போக 30 சதவீதம், அதாவது 1,50,000 ரூபாய் நிற்கிறது. வாடகை, சம்பளம், கரண்ட் பில் எல்லாம் சேர்ந்து 1,05,000. கடைசியில் முதலாளி கையில் மிஞ்சுவது 45,000. இதில் அந்த 5 சதவீதக் கணக்குப்படி விளம்பரத்துக்கு 25,000 எடுத்தால் லாபத்தில் பாதிக்கு மேல் காலி. அந்தப் பணம் திரும்பி வரவே எவ்வளவு கூடுதலாக விற்க வேண்டும்? 25,000-ஐ 0.30-ஆல் வகுங்கள்: சுமார் 83,000. ஒரே மாதத்தில் விற்பனை 17 சதவீதம் ஏறுமா? சந்தேகம்தான். 15,000 என்றால் 50,000 கூடுதல் விற்பனை போதும். அதனால் 3 சதவீதம் என்று எழுதினேன். இதே 15,000-ஐ, 10 சதவீதம் மட்டுமே நிற்கும் மளிகைக் கடை செலவழித்தால் ஒன்றரை லட்சம் கூடுதலாக விற்றாக வேண்டும். ஆகவே சதவீதத்தை மனப்பாடம் செய்து பயனில்லை.

அப்புறம் பங்கீடு. பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப் செய்திக்கு 1,500, பேப்பருக்குள் வைக்கும் நோட்டீஸுக்கு 4,500, இன்ஸ்டாகிராமுக்கு 9,000. சராசரி பில் 1,500 ரூபாய். ஒரு பில்லில் நிற்பது 450. முதல் பில்லிலேயே போட்டதை எடுக்க வேண்டுமானால், ஒரு புது ஆளை வரவழைக்க 450-க்கு மேல் செலவாகக் கூடாது.

கேஸில் இன்னொரு தகவல் இருந்தது. இன்ஸ்டாகிராமில் 6,000 போட்டபோது 30 பேர் வந்தார்கள். 9,000 ஆக்கியபோது 36 பேர். சராசரி பார்த்தால் ஆளுக்கு 250, நன்றாகத்தான் தெரியும். ஆனால் கடைசி 3,000 கூட்டி வந்தது 6 பேரைத்தான், ஆளுக்கு 500. அந்த 3,000-க்குத் திரும்பி வருவது 2,700தான், 300 நஷ்டம். நோட்டீஸில் 4,500-க்கு 15 பேர், ஆளுக்கு 300 என்பதால் அங்கே மாற்றலாம். அதையும் அதே தெருக்களில் மறுபடி போடாமல், திருமங்கலம், மேலூர் பக்கம் போட்டுப் பார்க்கச் சொல்லி எழுதினேன். அங்கேயும் ஆளுக்கு 450-ஐத் தாண்டினால் அந்த 3,000-ஐச் செலவழிக்காமல் கையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

வைவாவில் கேட்டது வேறு: "யார் எதைப் பார்த்து வந்தார் என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?" நோட்டீஸைக் கொண்டு வந்தால் 50 ரூபாய் தள்ளுபடி, மற்றவர்களிடம் பில் போடும் இடத்தில் ஒரு கேள்வி என்றேன். இரண்டையும் பார்த்துவிட்டு வருபவர் கணக்கைக் குழப்பத்தான் செய்வார். சித்திரைத் திருவிழா சமயத்தில் விளம்பரமே இல்லாமலும் கூட்டம் வரும் என்பதால், அந்த மாதத்தைப் பங்குனியோடு ஒப்பிடாமல் போன வருடச் சித்திரையோடு ஒப்பிட வேண்டும் என்றும் சொன்னேன். அதன் பிறகு வேறு கேள்வி வரவில்லை.