‘தெரிவிக்கப்படுகிறது’ என்று தொடங்கிய மின்னஞ்சல்

சர்வர்களைக் கண்காணிக்கும் குழு ஒன்றைச் சில வருடங்கள் நடத்தினேன். 11 பேர், மூன்று ஷிஃப்ட். காலை 6, மதியம் 2, இரவு 10 மணிக்கு ஆள் மாறுவார்கள். போகிறவர் வருகிறவரிடம் நிலவரத்தை வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஒரு நாள் மாலை ஷிஃப்டில், பராமரிப்பு வேலைக்காக ஒரு சர்வரின் டிஸ்க் எச்சரிக்கையை அணைத்து வைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குத்தான். ஆனால் தானாகத் திரும்ப வரும்படி நேரம் குறிக்கவில்லை. இரவு வந்த இருவரில் ஒருவரிடம் சொன்னார்கள், அவர் வேறொரு அவசரத்தில் மாட்டிக்கொண்டார். இன்னொருவருக்கு விஷயமே தெரியாது. விடியற்காலை 4 மணிக்கு லாக் கோப்புகள் டிஸ்க்கை நிரப்பின, டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் நின்றது. திரும்ப எழ 50 நிமிடம் ஆனது.

அன்று மதியமே நான் மின்னஞ்சல் அனுப்பினேன். ‘அனைவருக்கும் தெரிவிக்கப்படுகிறது: வரும் திங்கள் முதல் ஷிஃப்ட் முடிந்து செல்பவர்கள் இணைப்பிலுள்ள ஒப்படைப்புப் படிவத்தைப் பூர்த்தி செய்த பின்னரே வெளியேற வேண்டும்.’ படிவத்தில் 14 கட்டங்கள். எதிர்ப்பு எதுவும் வரவில்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் படிவங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். எல்லாம் நிரம்பியிருந்தன. ஆனால் பாதிக்கு மேல் நேற்றைய படிவத்தின் நகல்தான், தேதி மட்டும் புதிது. ‘சிறப்புக் குறிப்பு’ என்ற கட்டத்தில் ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’. சேமித்த நேரம் பார்த்தால் 1:58, 9:59, 5:58. கிளம்பும்போது ஒரு தட்டு தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். முக்கியமான விஷயங்களை முன்புபோல வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பழைய ஓட்டை அப்படியே இருந்தது, மேலே ஒரு படிவம் ஒட்டியிருந்தது.

இரவு ஷிஃப்டில் எல்லாருக்கும் மூத்தவர் ஒருவர் இருந்தார். இதை அவரிடம் கேட்டுவிடலாம் என்று ஒரு நாள் இரவு 10 மணிக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் கோபப்படவில்லை. ஒரே கேள்விதான் கேட்டார்: “இதை எழுதுற பத்து நிமிஷம் ஷிஃப்டுக்கு உள்ளயா, வெளியயா சார்?”

நான் அதை யோசித்திருக்கவே இல்லை. கடைசி நிமிடம் வரை டிக்கெட், அதாவது சரிசெய்யச் சொல்லும் கோரிக்கை, வந்துகொண்டிருக்கும். படிவம் எழுத வேண்டுமென்றால் வீட்டுக்குப் போகும் நேரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். நான் முறையை மாற்றியதாக நினைத்தேன், அவர்கள் கணக்கில் தினமும் பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன், அதையும் சொல்லாமல். புதுமுறை என்றாலே யாரோ ஒருவருடைய நேரம் போகும். அது யாருடையது என்பதை அறிவிக்கிறவர் முதலில் சொல்லாவிட்டால், கேட்கிறவர் தன்னுடையதுதான் என்று எடுத்துக்கொள்வார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

அப்புறம் பழைய மின்னஞ்சலைத் திரும்பப் படித்தேன். ‘தெரிவிக்கப்படுகிறது’ என்கிறோமே, தெரிவிப்பவர் யார்? அந்த வினைக்குள் ஆளே இல்லை. முடிவெடுத்தது நான், ஆனால் வாக்கியம் என்னை ஒளித்து வைத்திருக்கிறது. கேள்வி கேட்க நினைப்பவருக்குக் கேட்க முகம் கிடையாது. ‘நாங்கள் முடிவு செய்துள்ளோம்’ என்று எழுதியிருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நாங்கள் என்றதும் படிப்பவர் வெளியே நிற்கிறார். சரி, ‘நாம்’ என்று போட்டால் தீர்ந்துவிடுமா? அதுதான் இன்னும் மோசம். ஏற்கனவே முடிந்துபோன ஒன்றை ‘நாம் சேர்ந்து முடிவு செய்வோம்’ என்று எழுதினால் இரண்டாவது வரியிலேயே குட்டு உடைந்துவிடும். நான் செய்ததற்கு நான், சேர்ந்து செய்யப்போவதற்கு நாம். இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது அறிவிப்புக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். மின்னஞ்சலில் போடுவதற்கு முன் மூன்று ஷிஃப்டுக்கும் அவரவர் நேரத்தில் நேரில் சொன்னேன். இரவுக்காரர்களைக் காலைக் கூட்டத்துக்கு வரச் சொல்லித் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. பிறகு எழுதியது இப்படித் தொடங்கியது:

‘போன மாதம் 4 மணிக்கு டேட்டாபேஸ் நின்றதற்குக் காரணம், அணைத்து வைத்த எச்சரிக்கையைப் பற்றி எங்கேயும் எழுத்தில் இல்லாதது. வாய்மொழி ஒப்படைப்பை இத்தனை நாள் போதுமென்று விட்டது நான். அதற்கு நான் கொடுத்த 14 கட்டப் படிவமும் உதவவில்லை, அதை எடுத்துவிட்டேன்.’

யார் எச்சரிக்கையை அணைத்தது என்று எழுதவில்லை. எல்லாருக்கும் தெரியும்தான். ஆனால் பெயர் வந்த நொடியில் அது அவருக்கான தண்டனையாகவும் மற்றவர்களுக்கான மிரட்டலாகவும் ஆகிவிடும். முறையைப் பற்றிப் பேச யாரும் மிஞ்சமாட்டார்கள்.

அதன்பின் இரண்டு பத்திகள். முதலாவதில் மாறாதது: ஒப்படைப்பு எழுத்தில் இருக்கும், இதில் பேச்சுக்கு இடமில்லை, முடிவு என்னுடையது. இரண்டாவதில் திறந்திருப்பது: எங்கே எழுதுவது, என்ன கேள்விகள், யார் எழுதுவது. தொடக்கத்துக்கு மூன்று கேள்விகள் கொடுத்திருந்தேன்: முடியாமல் நிற்பது எது, அணைத்து வைத்தது எது, எத்தனை மணி வரை. கடைசி 15 நிமிடம் புது டிக்கெட் வருகிறவர் கணக்கில் என்றும், தினமும் அனுப்பிய நிலவர அறிக்கை இனி வேண்டாம் என்றும் சேர்த்தேன். மூன்று வாரம் பார்ப்போம், தேறவில்லை என்றால் எடுத்துவிடுவோம். தேறியதா என்று பார்க்க ஒரே அளவு வைத்தேன்: வீட்டுக்குப் போனவரைப் போனில் கூப்பிட்டு ‘இது என்ன?’ என்று கேட்க வேண்டியிருந்ததா.

எல்லா மாற்றத்துக்கும் இத்தனை சுற்று தேவையில்லை. கடவுச்சொல் கசிந்துவிட்டது, இன்றே எல்லாரும் மாற்ற வேண்டும் என்றால் அது கட்டளை. கட்டளையாகவே இரண்டு வரியில் சொல்வதுதான் மரியாதை. அதன் கீழே ‘உங்கள் கருத்துகள் வரவேற்கப்படுகின்றன’ என்று எழுதினால் அடுத்த முறை நிஜமாகக் கருத்துக் கேட்கும்போது யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

எல்லாம் சுமுகமாகப் போகவும் இல்லை. முதல் வாரமே மேலிடத்திலிருந்து அந்த நிலவர அறிக்கையைத் திரும்பக் கேட்டார்கள். வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிட்டு நான்காம் நாளே ‘அனுப்புங்க’ என்றால் என் பேச்சு என்ன ஆகும்? மூன்று ஷிஃப்டின் குறிப்புகளிலிருந்து அறிக்கையை நானே தினமும் எழுதி அனுப்பினேன், 16 நாள். அந்தச் சாக்கில் குறிப்புகளை ஒன்றுவிடாமல் படிக்கவும் நேர்ந்தது. ஒருவர் மட்டும் மூன்று வாரமும் ‘ஒன்றுமில்லை’ என்றே எழுதினார், உண்மையிலேயே ஒன்றுமில்லாத நாட்களும் அதில் இருந்திருக்கும்.

சொன்ன தேதியில் உட்கார்ந்தோம். போன் அழைப்பு மூன்று வாரத்தில் நான்கு. நான்கையும் எடுத்துப் பார்த்தால் மூன்று ஒரே வகை: குறிப்பு இருந்தது, ஆனால் யார் சொல்லி அணைத்தார்கள் என்பது இல்லை. மாலை ஷிஃப்ட் பெண் ஒருவர், “எத்தனை மணி வரைன்னு இருக்கிறதோட யார் சொல்லி அணைச்சோம்னும் சேர்த்துடலாம்” என்றார். மூத்தவர் தலையாட்டினார். நான்காவது கேள்வி அப்படி வந்தது. அதை அறிவித்து மின்னஞ்சல் போட்டது அந்தப் பெண்தான், ஒன்றரை வரியில்.