ரோலிங் டைட்டிலும் மூன்று பிக்சலும்

படத்தின் கடைசியில் ஓடும் ரோலிங் டைட்டில் வேலை வந்தால், எடிட்டர் முதலில் சொல்வது நேரத்தைத்தான். "பாட்டு மூணு நிமிஷம், அதுக்குள்ள முடிச்சிடுங்க." பலர் அந்த மூன்று நிமிடத்தின் தொடக்கத்தில் ஒரு கீஃபிரேம், முடிவில் ஒரு கீஃபிரேம் வைத்து ஓட விட்டுவிடுவார்கள். அங்கேதான் எழுத்து நடுங்க ஆரம்பிக்கும்.

அண்மையில் செய்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். 1080 பிக்சல் உயரத் திரை, நொடிக்கு 24 ஃபிரேம். பெயர்ப் பட்டியலின் உயரம் 12,700 பிக்சல். முதல் பெயர் கீழே நுழைந்து கடைசிப் பெயர் மேலே மறைய, திரையின் உயரத்தையும் சேர்த்து 13,780 பிக்சல் நகர வேண்டும். மூன்று நிமிடம் என்பது 4,320 ஃபிரேம். வகுத்தால் ஃபிரேமுக்கு ஏறத்தாழ 3.19 பிக்சல் வருகிறது. அந்தப் பின்னம்தான் பிரச்சினை. எழுத்து பிக்சல் வரிசையில் சரியாக உட்காராதபோது, மென்பொருள் அதன் விளிம்பை இரண்டு வரிசைகளில் பரப்பிவிடும். அடுத்தடுத்த சில ஃபிரேம்களை நிறுத்திப் பெரிதாக்கிப் பாருங்கள்: 'க்' மேல் உள்ள புள்ளி ஒன்றில் கூர்மையாக இருக்கும், இன்னொன்றில் மங்கலாக இருக்கும். ஆங்கிலத்தில் 'E', 'H' நடுக்கோடுகளில் இது தெரியும். தமிழில் வரிக்கு நாலைந்து புள்ளி வருவதால் பெயர் முழுக்க மினுமினுக்கும்.

அதனால் வேகத்தை முழு எண்ணாக, 3 பிக்சலில் நிறுத்திவிட்டேன். அந்த வேகத்தில் ஒரு பெயர் திரையைக் கடக்க 15 நொடி ஆகும். இரண்டு மொழியிலும் நிதானமாகப் படிக்கலாம். 4,320 ஃபிரேமில் 12,960 பிக்சல்தான் நகரும், 820 பிக்சல் மிச்சம். பட்டியலில் துறைகளுக்கு நடுவே 41 இடைவெளிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் 20 பிக்சல் குறைத்தேன், கணக்கு சரியாகிவிட்டது.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் கீஃபிரேமுக்குப் பதிலாக இதையே பொசிஷனில் எழுதிவிடுவேன்:

```
f = Math.round((time - inPoint) / thisComp.frameDuration);
[value[0], value[1] - 3 * f]
```

தொடங்கும் இடமும் முழு எண்ணாக இருக்க வேண்டும். ஆங்கர் பாயின்ட் 350.5 என்று நின்றால், எல்லா ஃபிரேமிலும் எழுத்து ஒரே மாதிரி மங்கலாக வரும். இன்னொன்று, 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 24 ஃபிரேம் படம் எப்படியும் கொஞ்சம் குதிக்கும். அதைப் பார்த்துவிட்டு வேகத்தை மாற்றாதீர்கள், ஃபிரேம்களைப் பாருங்கள்.

தமிழ் வரிக்குக் கொஞ்சம் கூடுதல் உயரம் தேவை. 'கீ'யின் சுழி மேலே போகும், 'பூ'வின் வால் கீழே இறங்கும். நான் இரண்டு மொழிக்கும் ஒரே வரி உயரமாக 48 பிக்சல் வைக்கிறேன். அது மூன்றால் வகுபடும், வரிக்குச் சரியாக 16 ஃபிரேம். மிக்ஸிங் நாளன்று மேனேஜர் போன் செய்து, "இன்னும் அஞ்சு பேரு விட்டுப்போச்சு சார்" என்றால், பாட்டு 80 ஃபிரேம் நீள வேண்டும் என்று எடிட்டரிடம் உடனே சொல்லிவிடலாம்.