10,950 ரூபாயும் மூணு பவுன் சங்கிலியும்

பொங்கல் மலருக்கு வந்த கவிதைகளில் அதுதான் நன்றாக இருந்தது. அதனால்தான் கை வைத்தேன். சுமாரான கவிதை என்றால் ஒற்றுப்பிழையைத் திருத்திவிட்டு அச்சுக்கு அனுப்பியிருப்பேன்.

முதல் சம்பளம்
கைக்கு வந்த அன்றே
அம்மாவின் கழுத்துக்குத்
திரும்பி வந்துவிட்டது
என் படிப்புக்குப் போன சங்கிலி.

பகலெல்லாம் சம்பளப் பட்டியல் போடுகிற ஆளிடம் இதைக் கொடுத்தால் கண் வேறெங்கே போகும்? பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி, மாதம் 18,000, ஜூன் 11 அன்று சேர்ந்தது, மூன்று பவுன் சங்கிலி என்று எல்லாமே கவிதையின் மேல்வரிகளில் இருந்தன. ஜூனுக்கு முப்பது நாள். பதினொன்றாம் தேதி சேர்ந்தால் இருபது நாள் சம்பளம், 12,000. அடிப்படைச் சம்பளம் மாதத்துக்கு 12,000 என்று வைத்தால் அந்த இருபது நாளுக்கு 8,000. அதில் பன்னிரண்டு சதவீதம் பி.எஃப். 960. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம், 90 ரூபாய். கர்நாடகாவில் 25,000க்குக் கீழே தொழில்வரி கிடையாது, அது தப்பித்தது. கைக்கு வருவது 10,950.

மூன்று பவுன் என்றால் 24 கிராம். 2021இல் கல்லூரியில் சேர்க்க அடகு வைத்திருந்தால், அன்றைய விலைக்கு பேங்க்கில் 75,000 கொடுத்திருப்பார்கள். 10,950ஐ வைத்துக்கொண்டு அதை எப்படி மீட்பது? எழுதியவருக்குப் போன் பண்ணிக் கேட்டேன்.

"கவிதையில கணக்கு எதுக்கு சார்?"

"கணக்கு நீங்கதானேம்மா போட்டிருக்கீங்க. பதினெட்டாயிரம்னு எழுதிட்டீங்களே. படிக்கிறவங்க பாதிப் பேரு எலக்ட்ரானிக் சிட்டியிலயும் பீனியாவுலயும் சம்பளம் வாங்கறவங்க. கூட்டிப் பார்க்க மாட்டாங்களா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு நடந்ததைச் சொன்னார். கவிதையைவிட அது நன்றாக இருந்தது. என் சங்கடம் அங்கேதான் தொடங்கியது.

கடன் 75,000, வட்டி வருடத்துக்கு ஒன்பது சதவீதம், அதாவது 6,750. முன்பெல்லாம் வருடம் முடியும்போது அப்பா நிலக்கடலை விற்ற காசில் வட்டியை மட்டும் கட்டி, நகையை அப்படியே திருப்பி வைத்துவிடுவார். 2025 ஜூலையில் பேங்க்கில் அது நடக்காது என்று சொல்லிவிட்டார்கள். அசலும் வட்டியும் சேர்த்து 81,750ஐக் கட்டி நகையைக் கையில் வாங்க வேண்டும், மறுநாள் புதுக்கடனாக வைக்க வேண்டும். நகைக்கடன் வைத்திருந்த எத்தனையோ வீடுகள் இந்த ஓர் இரவுக்குத்தான் அல்லாடின. வட்டி கையில் இருக்கும். அசலுக்கு எங்கே போவது? அதற்கென்றே ஒரு நாளைக்குப் பணம் கொடுக்கிறவர்கள் முளைத்தார்கள். பேங்க் வாசலுக்கே வருவார்கள், நகை மறு அடகு போனதும் பணத்தை அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். இவர்களுக்கு வந்தவர் 500 ரூபாய் கேட்டார்.

ஆக, முதல் சம்பளத்தில் 6,750 வட்டி, 500 ஒரு நாள் கூலி. மீதி 3,700. ஓசூரில் சித்தி வீட்டில் தங்கியிருந்ததால் வாடகை இல்லை. அத்திப்பள்ளி தாண்டி வந்துபோகிற பஸ் செலவுக்கும் கைச்செலவுக்கும் அது காணும்.

இன்னொன்றும் சொன்னார், போகிற போக்கில். மறு அடகு வைக்கும்போது நகை மதிப்பீட்டாளர், "கிராம் ஒன்பதாயிரத்துக்கு மேல போயிடுச்சும்மா, ஒன்றரை லட்சம் வரைக்கும் தரலாம். மேற்கொண்டு வேணுமா?" என்று கேட்டிருக்கிறார். தேவை இல்லாத வீடா அது? அம்மா, "பழைய தொகையே போதும்" என்றாராம். கூட வாங்கினால் வட்டியும் ஏறும்; ஒன்றரை லட்சத்துக்கு வருடம் 13,500. அதைக் கட்டப்போவது யார் என்பது அம்மாவுக்குத் தெரியும். மகள் சம்பளத்தின் மேல் முதல் மாதமே இன்னொரு சுமை ஏற வேண்டாம் என்று அந்த அம்மாள் விட்டுக்கொடுத்தது 75,000 ரூபாய். கவிதையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை. இப்படி மாற்றலாமே என்று எழுதி அனுப்பினேன்:

ஏழாயிரத்து இருநூற்று ஐம்பது கொடுத்து
இன்னும் ஒரு வருடம் வாங்கினேன்.
சங்கிலி அங்கேயே இருக்கட்டும்,
ஏலத்துக்குப் போகாமல்.

அதோடு, "எல்லாம் பிடித்தம் போக" என்று அலுப்பாக ஒரு வரி இருந்ததையும் விடவில்லை. அந்தப் பிடித்தத்தில் 90 ரூபாய் இ.எஸ்.ஐ.க்குப் போகிறது. பெற்றோரின் மாத வருமானம் 9,000க்குள் இருந்து, பிள்ளையை நம்பியிருந்தால், அவர்கள் பெயரையும் சேர்க்கலாம். ஊருக்குப் பக்கத்து மருந்தகத்தையே அவர்களுக்குத் தனியாகக் குறிக்கலாம். பெரிய சிகிச்சைக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. சர்க்கரை மாத்திரைக்கும் காய்ச்சலுக்கும் இது போதும். முதல் சம்பளம் அம்மாவுக்கு நிஜமாகவே வாங்கித் தந்தது இதுதான், குடும்ப விவரத்தில் பெயர் ஏற்றியாச்சா என்று கேட்டேன். ஏற்றவில்லை. அன்றைக்கே ஏற்றச் சொன்னேன். என் திருத்தங்களில் இது ஒன்றாவது தப்பில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

அந்த நான்கு வரிக்கு மறுநாள் பதில் வந்தது.

"உங்களது நல்லா இருக்கு சார். ஆனா போட வேணாம். அம்மா கழுத்துல இப்ப இருக்கறது கவரிங். ஊர்ல யாருக்கும் தெரியாது."

புனைபெயரில் போடலாமே என்றேன். "இந்த மலர் சித்தி வீட்டுக்கு வரும் சார். அங்கருந்து பென்னாகரம் போகும். பொம்மசந்திரா, மூணு பவுன், பொண்ணோட முதல் சம்பளம்னா வேற யாரு?"

மேலே பேச என்ன இருக்கிறது? முதல் வடிவத்தையே போட்டோம். கணக்குக்கு ஒட்டவே ஒட்டாத அந்த வரியை அவர் தெரிந்துதான் எழுதியிருக்கிறார். ஊரில் எல்லோரும் பார்க்கிற கவரிங் சங்கிலிக்கு அந்தக் கவிதை ஒரு ரசீது மாதிரி. அதைப் போய் நான் தணிக்கை செய்திருக்கிறேன்.

சரி என்றுதான் தோன்றுகிறது. அப்புறம் இன்னொரு பக்கமும் தோன்றுகிறது. என் மேஜைக்கு வருடா வருடம் புதுப்பிள்ளைகள் வருகிறார்கள். முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போகும். வீட்டில் ஒரு நகை உள்ளே இருக்கும், இதில் மீட்டுவிடலாம் என்று வந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் இந்தக் கவிதையைப் படித்தால், தன்னால்தான் முடியவில்லை என்று நினைக்க மாட்டாரா? ஊரில் ஒரு அம்மாவின் மானமா, இங்கே முகம் தெரியாத பத்துப் பேரா? ஒரு நாள் இப்படி, ஒரு நாள் அப்படி. எழுதியவர் சம்மதமில்லாமல் அச்சிட எனக்கு உரிமையில்லை என்று சொல்லிப் பார்க்கிறேன், அது சட்டத்துக்குச் சரி. கேட்காமலே நான்கு வரி எழுதி அனுப்பினேனே, அதற்கு என்ன உரிமை?

மீட்டதும் என்னுடைய வடிவத்தைப் போடலாம் என்று சொல்லியிருக்கிறார். மாதம் 3,000 ஒதுக்க முடியும் என்கிறார். அசல் மட்டும் 25 மாதம். ஆர்.டி.யில் போடட்டுமா என்று கேட்டார், ஆர்.டி. வட்டி ஒன்பது சதவீதத்தைத் தொடாது, நேராகக் கடன் கணக்கிலேயே கட்டச் சொன்னேன், கட்டக் கட்ட வட்டி இறங்கும். வளையல், கம்மல் என்று தனித்தனியாக வைத்திருந்தால் சில பேங்க்குகளில் பாதி கட்டியதும் ஒன்றை மீட்டு எடுத்துவிடலாம். இது ஒற்றைச் சங்கிலி. கடைசி ரூபாய் வரை கட்டினால்தான் வெளியே வரும்.