அடி 92 ரூபாய் போர்வெல்லுக்கு ஆன மொத்தச் செலவு

சேலத்துக்கு வெளியே வீட்டு மனையில் போர்வெல் போட விசாரித்தபோது, போனில் கேட்ட எல்லோரும் ஆளுக்கு ஒரே ஒரு எண்ணைத்தான் சொன்னார்கள். "அடி 85 ரூபாதாங்க சார்" என்றார் ஒரு புரோக்கர். திருச்செங்கோட்டில் சொந்தமாகப் போர் வண்டி வைத்திருக்கும் ஒருவர் 92 என்றார். 7 ரூபாய்தானே வித்தியாசம், 600 அடி போனால் 4,200 ரூபாய் மிச்சம் என்று முதலாமவருக்கே சரி சொல்லத் தோன்றும்.

ஆனால் அந்த 85 எத்தனை அடி வரைக்கும் என்று கேட்க வேண்டும். போர்க்காரர்களின் ரேட் ஆழத்துக்கு ஆழம் ஏறும். இறங்க இறங்க ராடின் எடை கூடுகிறது, தூளையும் தண்ணீரையும் மேலே தள்ள கம்ப்ரஸர் கூடுதல் டீசல் குடிக்கிறது. அது நியாயம்தான். எங்கிருந்து ஏற்றுகிறார்கள் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். புரோக்கரின் 85 ரூபாய் 300 அடி வரைக்கும்தான். அடுத்த 100 அடிக்கு 95, அதற்கடுத்து 105, 500-க்கு மேல் 120. வண்டிக்காரரின் 92 ரூபாய் 400 அடி வரைக்கும் நிற்கும். அதன் பிறகு 100 அடிக்கு 10 ரூபாய் வீதம் ஏறும். 600 அடிக்குக் கணக்குப் போட்டால் முதலாமவருக்கு 57,500, இரண்டாமவருக்கு 58,200. போனில் கேட்ட 4,200 ரூபாய் மிச்சம் காணாமல் போய், வெறும் 700 ரூபாய் வித்தியாசத்தில் வந்து நிற்கிறது.

அடுத்து கேசிங். உண்மையில் சண்டை வருவதெல்லாம் இதில்தான். மேல்மண்ணும் உடைந்த பாறையும் குழிக்குள் சரியாமல் இருக்க, கெட்டிப் பாறை வரும் வரை பைப் இறக்கியாக வேண்டும். ஆறரை இன்ச் போருக்கு 7 இன்ச் பிவிசி பைப். இது அடி ரேட்டில் சேராது, தனிக் காசு. புரோக்கர் கேசிங் அடிக்கு 420 என்றார், வண்டிக்காரர் 350. துளையிடும் கூலியில் சில ரூபாய் குறைத்துக் காட்டிவிட்டு, கேசிங்கில் அதைப் போல் பல மடங்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. "எத்தனை அடி கேசிங் ஆகும்?" என்று கேட்டால், "40 அடி வருங்க, பார்த்துக்கலாம்" என்பதுதான் பதில். அந்த 'பார்த்துக்கலாம்' என்பதற்குள் 20 அடி பைப் ஒன்றோ இரண்டோ ஒளிந்திருக்கும். நான் இரண்டு பேரிடமும் இன்னும் சில கேள்விகள் கேட்டேன். கேசிங் இறங்குவதற்காகப் பெரிய பிட் வைத்து ஓட்டும் அடிகளுக்கும் அதே ரேட்தானா? வண்டி வாடகை, ஆட்களுக்கு பேட்டா தனியா? பைப் எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும்? மெலிசான பைப் பிற்பாடு நசுங்கினால் மோட்டார் உள்ளே போகாது, போனாலும் மேலே வராது. வண்டிக்காரர் எல்லாம் ரேட்டுக்குள் அடக்கம் என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தார். புரோக்கர் வண்டிக்கும் பேட்டாவுக்கும் 3,000 தனி என்றார், பெரிய பிட் விஷயத்தில் பிடிகொடுக்கவே இல்லை. 92 ரூபாய்க்காரரை வரச் சொன்னேன்.

வண்டி வந்ததும் முதலில் ராடு ஒன்றை டேப் வைத்து அளந்தேன். 20 அடி. யாரும் முகம் சுளிக்கவில்லை. அளப்பவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள் போல. ஒவ்வொரு ராடு முழுதாக இறங்கும்போதும் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. ஆழத்தைத் தெரிந்துகொள்ள வீட்டுக்காரரிடம் இருக்கும் எளிய வழி இதுதான், ஏனென்றால் முடிந்த பிறகு 540 என்றாலும் 560 என்றாலும் கண்ணுக்கு ஒரே குழிதான்.

கேசிங் 40 அடியில் நிற்கவில்லை. அதற்காக அவர்கள் ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன், காரணம் வெளியே வந்த தூள். முதலில் செம்மண், அப்புறம் பழுப்பு நிறத்தில் கையால் நசுக்கினால் உடையும் சரளை. 50 அடி வாக்கில் கொஞ்சம் சாம்பல் நிறம் காட்டி ஆசை காட்டிவிட்டு மறுபடி பழுப்புக்கே போனது. 70 அடிக்குப் பிறகுதான் மாவு மாதிரி வெளிர் சாம்பல் தூள் விடாமல் வந்தது, ஹேமர் சத்தமும் இறுகியது. டிரில்லர் அதற்கு மேலும் சில அடி ஓட்டிவிட்டுத்தான் பைப்பை இறக்கினார். பைப் கெட்டிப் பாறையில் உட்கார வேண்டும். காசு மிச்சம் என்று 60 அடியில் நிறுத்தச் சொன்னால் அதற்குக் கீழே இருக்கும் சரளை வருஷா வருஷம் கொட்டி மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும். பழுப்புத் தூள் வரும்போது கேசிங்கைக் குறைக்கச் சொல்லாதீர்கள். சாம்பல் தூள் விடாமல் வந்த பிறகும் இன்னொரு பைப் என்றால் மட்டும் ஏன் என்று கேளுங்கள். ஆக நான்கு பைப், 80 அடி, 28,000 ரூபாய்.

210 அடியில் ஈரம், 380-ல் அரை இன்ச்சுக்கும் குறைவான தண்ணீர், 505-ல் நல்ல தண்ணீர். 27 ராடோடு, அதாவது 540 அடியில் நிறுத்தச் சொன்னேன். துளைக்கு 51,480. கேசிங் சேர்த்து 79,480. இதே போரை 85 ரூபாய்க்காரர் போட்டிருந்தால் 86,900 ஆகியிருக்கும். தண்ணீரே வராமல் போயிருந்தாலும் இந்தக் காசைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பில்லில் மொத்த அடி மட்டும்தான் எழுதியிருந்தார்கள். கேசிங் எங்கே முடிந்தது, எந்தெந்த அடியில் தண்ணீர் வந்தது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கினேன், மோட்டார்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

மோட்டார் எந்தக் கொட்டேஷனிலும் இல்லை, இருக்கவும் வாய்ப்பில்லை. அது வேறு ஆட்கள், வேறு கடை. ஆனால் அதுவும் அடிக் கணக்கில்தான் போகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. யூபிவிசி பைப் அடிக்கு 55, ஒயர் 40, கயிறு 5. சேர்த்தால் 100 ரூபாய். துளைக்கு ஒரு தடவை கொடுத்த காசை, மோட்டார் தொங்கும் ஆழம் வரைக்கும் இன்னொரு தடவை கொடுக்கிறோம்.

மறுநாள் மோட்டார்காரர் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தார். 505-ல் கிடைத்த தண்ணீர் 140 அடி ஆழம் வரை ஏறி நின்றது. "அடிமட்டம் வரைக்கும் இறக்க வேண்டாங்கண்ணா, சேறு உறிஞ்சும். 420 போதும்" என்றார். அந்த ஆழத்துக்கு 2 ஹெச்பி மோட்டார், 21,000. பேனல் போர்டு 4,000, இறக்கும் கூலியும் போர் மூடியும் 4,500. பைப், ஒயர், கயிறு 42,000. கோடையில் மட்டம் இறங்கினால் பைப்பைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் தண்ணீருக்குள் ஒயரில் ஜாயின்ட் விழக் கூடாது என்று 60 அடி ஒயர் கூடுதலாக வாங்க வைத்தார். அதற்கு 2,400. மோட்டார் பக்கம் மட்டும் 73,900 ஆனது, போரோடு சேர்த்து 1,53,380.