முப்பத்தெட்டு ஒப்படைகளும் ஒரு மேசையும்

உயர்தர வகுப்புக்குப் புவியியல் ஒப்படையாக ‘யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நீர்’ என்று கொடுத்திருந்தேன். முப்பத்தெட்டுப் பேர் எழுதினார்கள். முதலாவதுக்கு 72 போட்டேன். ஐந்தாவதை வாசிக்கும்போது, இதை ஏற்கெனவே திருத்திவிட்டேனே என்று தோன்றியது. எழுத்து வேறு, பெயர் வேறு.

திருத்துவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். ஒரு தாளில் கோடு கிழித்து, பந்திகளின் ஒழுங்கு, உதாரணங்கள், விசித்திரமான சொற்கள், பிழைகள் என்று குறித்தேன். சுண்ணாம்புக்கல், உரப்பாவனையால் கூடும் நைத்திரேற்று எல்லாம் நான் படிப்பித்தவை. அவை எல்லோரிடமும் இருக்கத்தான் செய்யும் என்பதால் முதலில் அவற்றை வெட்டிவிட்டேன்.

மிச்சத்தில் இரண்டு கூட்டங்கள் தெரிந்தன. ஆறு பேர் நிலாவரைக் கிணற்றைக் கீரிமலையில் வைத்திருந்தார்கள். அது புத்தூர்ப் பக்கம் இருக்கிறது. சரியான விடை ஆறு பேருக்கு ஒன்றாக வரலாம், ஒரே பிழை அப்படி வருவது அரிது. கேட்டபோது ஒரு ரியூசன் நோட்ஸின் போட்டோப் பிரதியைக் காட்டினார்கள். பிழை அதிலேயே இருந்தது.

மற்றக் கூட்டம் ஒன்பது பேர். ஒரு வசனம்கூட ஒன்றுபோல் இல்லை. ஆனால் வரைவிலக்கணம், முக்கியத்துவம், சவால்கள், தீர்வுகள் என்று பந்திகள் ஒரே வரிசையில் வந்தன. தீர்வுகளில் எட்டுப் பேர் ‘ஆறுகளையும் ஏரிகளையும் பாதுகாக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார்கள். மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கியாற்றைத் தவிர இங்கே ஆறு ஏது? பார்த்து எழுதியிருந்தால் வசனங்கள் பொருந்தியிருக்கும். சாயல் மட்டும் பொருந்தியதால், ஆளாளுக்குத் தனித்தனியாகப் போனில் ஏஐயிடம் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். விசாரித்தபோது எட்டுப் பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஒன்பதாவது பெடியன் அராலி ஊரைச் சேர்ந்தவன். அவனிடம் ஆறும் ஏரியும் இல்லை, வரிசை மட்டும்தான் ஒத்திருந்தது. “அக்காதான் கட்டுரை எழுத இப்படிப் பழக்கினவ, சேர்” என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. உங்கள் வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொல்லு என்றேன்.

“ஆவணி, புரட்டாதியிலை மோட்டர் போட்டு ரெண்டு மணித்தியாலம் இறைச்சா தண்ணி உவர்க்கும், சேர். விடிய இறைச்சா பரவாயில்லை” என்றான்.

நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் உள்ளது மேலே எழும், விட்டுவைத்தால் மெல்ல இறங்கும். இதை வகுப்பில் இரண்டு பாடவேளை படம் கீறி விளக்கியிருந்தேன். அவன் அதைத் தினமும் வாளியில் பார்த்திருக்கிறான். கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

“ஏன் இதை எழுதேல்லை?”

“அது எங்கடை வீட்டு விசயம்தானே, சேர்.”

வரிசை ஒத்ததை மட்டும் வைத்து அவனையும் அந்த எட்டுப் பேரோடு சேர்த்திருப்பேன். 72 உட்பட, போட்ட புள்ளிகளை எல்லாம் அழித்தேன். அடுத்த ஒப்படைக்கு அவரவர் வீட்டுக் கிணறு, ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் அளந்த நீர்மட்டம் என்று கேட்டிருக்கிறேன்.