முதல் வாரத்தில் ஃபைலை மூடிவிட்டு வெர்னியரைக் கொடுத்தோம்

சேதராப்பட்டில் பாட்டில் மூடி அடிக்கிற சின்ன யூனிட் எங்களுடையது. ஆள் எடுப்பதிலிருந்து சம்பளம் போடுவது வரை என் மேசைதான்.

போன வருஷம் பாகூரிலிருந்து ஒரு டிப்ளமோ பையன் தர ஆய்வுக்குச் சேர்ந்தான். முதல் இரண்டு நாள் பி.எஃப். ஃபார்ம் 11, நாமினேஷன், இ.எஸ்.ஐ. விவரம், விதிமுறை ஃபைல். மூன்றாம் நாள் மிஷின் பக்கம் அனுப்பினேன். நான்காம் நாள் வரவில்லை. போன் போட்டால், "எல்லாரும் ஓடிக்கிட்டே இருந்தாங்க மேடம். கேட்டா தொந்தரவுன்னு நினைப்பாங்களோன்னு ஓரமா நின்னேன்" என்றான். எட்டு மணி நேரம் ஓரமாக நின்றிருக்கிறான், என் கண்ணில் படவே இல்லை.

அதன் பிறகு திட்டத்தை மாற்றினேன். ஆதார், பாஸ்புக் நகலெல்லாம் சேரும் முன்பே வாங்கிவிடுவேன். கையெழுத்துக்கு முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். பாதுகாப்பு விஷயத்தை மட்டும் மிஷின் எதிரிலேயே நின்று சொல்கிறோம். முதல் வாரம் பட்டனைத் தனியாகத் தொடக் கூடாது. ஆனால் முதல் நாள் சாயங்காலத்துக்குள் ஒரு சின்ன வேலையைச் சொந்தமாக முடித்துவிட வேண்டும்: பத்து மூடியின் வெளி விட்டத்தை வெர்னியரால் அளந்து எழுதுவது. அதே பத்தைப் பழைய ஆளும் அளப்பார்.

இதில் முதலில் நானே சறுக்கினேன். கூட நிற்கிற அண்ணனுடைய டார்கெட்டைக் குறைக்காமல் விட்டுவிட்டேன். அவர் பொறுமையாகச் சொல்லித்தருவாரா, எண்ணிக்கையைப் பார்ப்பாரா? முதலாளியிடம் மல்லுக்கட்டி, மூன்று நாளைக்கு அவருக்குத் தினம் ஒரு மணி நேர உற்பத்தியைக் கழிக்க வைத்தேன்.

அடுத்து வில்லியனூர்ப் பெண் ஒருத்தி சேர்ந்தாள். அவள் எழுதிய அளவெல்லாம் அண்ணனுடையதைவிட 0.1 மி.மீ. வரை கூடுதல். முகம் வாடிவிட்டது. அண்ணன் வெர்னியரை மூடிப் பார்த்தார், பூஜ்யம் சரியாக இருந்தது. "எப்ப எடுத்தம்மா?" என்றார். மிஷினிலிருந்து விழுந்த கையோடு எடுத்திருக்கிறாள். பிளாஸ்டிக் சூட்டில் கொஞ்சம் விரிந்திருக்கும், ஆறினால்தான் உண்மையான அளவு. அரை மணி கழித்து அதே மூடிகளை அளந்தாள், இரண்டு பேர் கணக்கும் ஒத்துப்போனது. "உன் கை தப்பில்ல, அவசரம்தான்" என்றார். ஃபைலில் இதுவும் ஒரு வரியாக இருக்கிறது, யார் படித்தார்கள்?

தினமும் கிளம்பும்போது அவளிடம் ஒரே கேள்விதான் கேட்பேன்: இன்னைக்கு யார்கிட்ட, எதைக் கேக்கத் தயங்கினே? "ஒண்ணுமில்ல மேடம்" என்று வந்தால் எனக்கு உள்ளூர உதறும், அந்தப் பையனும் இப்படித்தான் எதையும் கேட்காமல் நின்றிருந்தான். இரண்டாம் நாள் இவள், பிசிறு எவ்வளவு இருந்தால் ஒதுக்குவது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது என்றாள். மறுநாளே நல்லது, கெட்டது இரண்டு மூடியை நூலில் கட்டி அவள் மேசையில் தொங்கவிட்டோம்.

சனிக்கிழமை சூப்பர்வைசர் அவசரமாக ஒரு தட்டு மூடியைக் கொண்டுவந்து, அளவு சொல்லச் சொன்னார். அவள் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தட்டை ஓரமாக நகர்த்தினாள். "இன்னும் சூடா இருக்குண்ணே, ஆறட்டும்."